முடித்ததற்கு அத்தாட்சி

நூற்பாலைக்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுத்தால், பாலிசி புதுப்பிக்கும் தேதிக்கு சில மாதங்கள் முன்னதாக இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ரிஸ்க் இன்ஜினியர் வந்து மில்லைச் சுற்றிப் பார்ப்பார். பஞ்சு குடோன், புளோ ரூம், மின் பேனல் அறை, தீயணைப்பு பம்ப் ஹவுஸ் எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போவார். இரண்டு வாரத்தில் ஒரு ரிப்போர்ட் வரும். அதன் கடைசிப் பக்கங்களில் வரிசை எண் போட்டுப் பரிந்துரைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 30 நாள், 90 நாள், ஓர் ஆண்டு என்று கெடுவும் இருக்கும்.

பல மில்களில் இந்த ரிப்போர்ட் மெயின்டனன்ஸ் மேனேஜரின் மேஜைக்குப் போகிறது. அவர் முடிந்தவரை வேலைகளைச் செய்கிறார். கெடு முடியும்போது புரோக்கர் போனில் கேட்கிறார். 'உங்கள் பரிந்துரைகள் அனைத்தும் கவனத்தில் கொள்ளப்பட்டு நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று ஒரு கடிதம் போகிறது. செய்த வேலையெல்லாம் அந்த ஒரு வரியில் காணாமல் போய்விடுகிறது. உண்மையில் அந்தப் பதில் கடிதத்தில்தான் அடுத்த ஆண்டுப் பாலிசியின் நிபந்தனைகள் பெரிய அளவில் முடிவாகின்றன.

கடிதத்தைப் படிப்பவர் யார்?

2007 ஜனவரி 1-க்கு முன்பு இந்தியாவில் தீ இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு டேரிஃப் அட்வைசரி கமிட்டி வகுத்த கட்டண விகிதம் இருந்தது. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு, ஹைட்ரண்ட் இருந்தால் எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் புத்தகத்தில் இருந்ததுதான். அந்தத் தேதியில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதன் பிறகு, ஒரு மில்லின் ஆபத்து எவ்வளவு என்பதைக் கம்பெனியே எடைபோட வேண்டியதாயிற்று. அதனால் ஆய்வு ரிப்போர்ட்டுக்கும் அதற்கு வரும் பதிலுக்கும் முன்பைவிட மதிப்புக் கூடியது.

அந்தப் பதிலைப் படிப்பவர், மில்லுக்கு வந்துபோன இன்ஜினியர் மட்டும் அல்ல. அவர் பார்த்துவிட்டு அண்டர்ரைட்டரிடம் அனுப்புவார். பாலிசியை எந்த விலைக்கு, எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்று முடிவு செய்பவர் அண்டர்ரைட்டர். தொகை பெரிதாக இருந்தால் அந்தக் காகிதங்கள் மறுகாப்பீட்டு நிறுவனம் வரை போகும். இவர்களில் பெரும்பாலானோர் மில் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். பஞ்சு குடோனின் தெற்கு வாசலுக்கும் வடக்கு வாசலுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர், காகிதத்தை மட்டும் பார்த்து 'இந்த வேலை முடிந்தது' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவரை மனதில் வைத்துத்தான் பதில் எழுத வேண்டும்.

அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? பிரீமியம் ஏறுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த விளைவு. அதைவிடப் பாதிப்பானவை வேறு உண்டு. டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் மில் தானே ஏற்க வேண்டிய முதல் தொகை, உயர்த்தப்படலாம். 'பஞ்சு குடோனில் இன்ன ஏற்பாடு எந்நேரமும் இருக்கும்' என்ற உறுதிமொழி பாலிசிக்குள் வாரண்டியாக ஏறலாம். அது ஏறிய பின் அந்த ஏற்பாடு இல்லாத நாளில் தீ பிடித்தால், க்ளெய்ம் கிடைப்பதே சிக்கலாகிவிடும். சேமிப்புப் பகுதிக்கு மட்டும் உச்சவரம்பு போடலாம். வழக்கமான தீ பாலிசியில், ஆண்டு நடுவிலேயே 15 நாள் நோட்டீஸ் கொடுத்து, மீதிக் காலத்துக்கான பிரீமியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாலிசியை முடித்துக்கொள்ளும் உரிமையும் கம்பெனிக்கு உண்டு. கம்பெனிகள் அந்த உரிமையை எளிதில் பயன்படுத்துவதில்லை. ஆனாலும் 'பதில் வரவில்லை' என்ற குறிப்பு கோப்பில் இருப்பது நல்லதல்ல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். நல்ல பதில் எழுதினால் பிரீமியம் குறையும் என்று உறுதி இல்லை. மறுகாப்பீட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாடுகள் இருந்தால் அண்டர்ரைட்டர் விரும்பினாலும் குறைக்க முடியாது. நல்ல பதிலால் கிடைப்பது, இப்போதுள்ள நிபந்தனைகள் கெடாமல் நிற்பது.

ஒரு மில்லின் நான்கு பரிந்துரைகள்

எடுத்துக்காட்டுக்காக, திண்டுக்கல் பக்கம் சுமார் 30,000 ஸ்பிண்டில் ஓடும் ஒரு மில்லை வைத்துக்கொள்வோம். சொத்து மதிப்பு 50 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டதால், 2021 ஏப்ரலில் சிறு தொழில்களுக்கென்று வந்த 'பாரத் லகு உத்யம்' பாலிசிக்குள் அது வராது. வழக்கமான தீ பாலிசிதான். புதுப்பிக்கும் தேதி ஏப்ரல் 1. இன்ஜினியர் வந்தது நவம்பர் 18. ரிப்போர்ட் வந்தது டிசம்பர் 2. அதில் எட்டுப் பரிந்துரைகள் இருந்தன. அவற்றில் நான்கை மட்டும் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அத்தாட்சி வேறு வேறு என்பது அதில் தெரிந்துவிடும்.

முதல் பரிந்துரை பஞ்சு குடோன் பற்றியது. அக்டோபரில் பருத்தி வரத்து தொடங்கியதும் குடோன் நிரம்பத் தொடங்கும். ஒரு பேல் 170 கிலோ. இடம் போதாமல் அடுக்கின் மேல் அடுக்காக ஏற்றி, கூரையில் தொங்கும் விளக்குக்கு ஒரு முழ தூரம் வரை பேல்கள் போயிருந்தன. சுவரோடு ஒட்டியும் அடுக்கியிருந்தார்கள். அடுக்குகளுக்கு நடுவில் ஆள் நடக்க வழி இல்லை. இறுக்கி அழுத்திய பேலுக்குள் தீ போய்விட்டால் வெளியே அணைந்த பிறகும் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். பேலைப் பிரித்து இழுத்துப் போட்டால்தான் அடங்கும். நடக்க வழி இல்லாத குடோனில் அது முடியாத காரியம். எனவே உயரத்தைக் குறைக்க வேண்டும், விளக்குக்கும் பேலுக்கும் நடுவே ஒரு மீட்டர் விட வேண்டும், சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும், நடுவில் பாதை விட வேண்டும் என்று ரிப்போர்ட் சொன்னது. கெடு 30 நாள்.

இதற்குப் படம்தான் சிறந்த அத்தாட்சி. ஆனால் எந்தப் படம்? ரிப்போர்ட்டில் இன்ஜினியர் எடுத்த படம் இருக்கும். அவர் நின்ற அதே இடத்தில் நின்று, அதே தூணும் அதே ஜன்னலும் தெரியும்படி இப்போதைய நிலையை எடுக்க வேண்டும். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கமே தேவைப்படாது. அதோடு கிட்டத்தில் ஒரு படம்: விளக்கின் அடிப்பாகத்திலிருந்து மேல் பேல் வரை டேப் பிடித்து, எண் தெளிவாகத் தெரியும்படி. தரையில் மஞ்சள் கோடு போட்டு, சுவரில் உயர வரம்பைச் சிவப்புக் கோடாக அடித்திருந்தால் அதற்கு ஒரு படம். கோடு முக்கியம். இன்று உயரம் குறைந்திருப்பதை டேப் காட்டுகிறது. நாளைக்குப் புதிய லாரி வந்து இறக்கும்போதும் உயரம் மீறாது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி.

மீதிப் பேல்கள் எங்கே போயின என்ற கேள்வி அண்டர்ரைட்டருக்குக் கட்டாயம் வரும். உயரத்தைக் குறைத்தால் அதே குடோனில் பழைய எண்ணிக்கை அடங்காது. அவை திறந்தவெளியில் தார்ப்பாயின் கீழ் கிடந்தால் ஒரு ஆபத்து நீங்கி இன்னொன்று வந்திருக்கிறது. வெளியே வாடகைக்கு ஒரு குடோன் எடுத்திருந்தால் அந்த முகவரியும் பாலிசியில் சேர வேண்டும். பதிலில் இதைத் தானாகவே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டு, அந்த வாடகை குடோனில் தீ பிடித்தால் பாலிசியில் இல்லாத இடம் என்றாகிவிடும்.

சூடு படத்தில் விழாது

இரண்டாவது பரிந்துரை, மெயின் பேனல் போர்டில் தெர்மோகிராபி எடுக்க வேண்டும் என்பது. கேபிள் இணையும் இடத்தில் நட்டு தளர்ந்தாலோ, லக் அரித்துப்போனாலோ அந்த இடம் மட்டும் சூடாகும். கண்ணுக்குத் தெரியாது. வெப்பத்தைப் பதிவு செய்யும் கேமராவில் தெரியும். பேனலில் ஷார்ட் சர்க்யூட் ஆனால், சேதமான அந்த மின்சாதனத்துக்கு வழக்கமான தீ பாலிசியில் பணம் கிடையாது. அதிலிருந்து பரவிய தீயால் எரிந்த மற்றவற்றுக்குத்தான் கிடைக்கும். மில் தன் நலனுக்காகவே செய்ய வேண்டிய வேலை இது.

மில் டிசம்பர் 9-ம் தேதி வெளி ஏஜென்சியை வரவழைத்து எடுத்தது. இரண்டாம் பீடரில் ஆர் பேஸ் இணைப்பு 92 டிகிரி காட்டியது. பக்கத்திலுள்ள மற்ற இரண்டு பேஸ்களும் 54, 55. மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கரண்ட் ஓடும்போது ஒன்று மட்டும் இவ்வளவு சூடானால் இணைப்பில்தான் கோளாறு. டிசம்பர் 14 ஞாயிறு ஷட்டவுனில் லக்கை மாற்றி இறுக்கினார்கள்.

இங்கேதான் பலருடைய பதில் தடுமாறுகிறது. பளபளக்கும் புதிய லக்கைச் சாதாரணப் படம் எடுத்து இணைத்து 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். புதிய லக் போட்டது அதில் தெரிகிறது. சூடு குறைந்ததா என்பது தெரியவில்லை. அதற்கு மறுபடியும் தெர்மோகிராபி எடுக்க வேண்டும். அதுவும் லோடு ஓடும்போது எடுக்க வேண்டும். ஞாயிறு மாலை மெஷின்கள் நிற்கும்போது எடுத்தால் எந்த இணைப்பும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். இந்த மில்லின் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் ஏஜென்சிக்காரரிடம் "செவ்வாய்க்கிழமை மூணு ஷிப்டும் ஓடும், அன்னிக்கு வாங்கண்ணே. ஆம்பியரையும் ரிப்போர்ட்ல போட்டுக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டார். டிசம்பர் 16-ல் எடுத்த இரண்டாம் ரிப்போர்ட்டில், முதல் முறை ஓடிய அதே அளவு கரண்டில், மூன்று பேஸ்களும் 53-லிருந்து 56-க்குள் இருந்தன. இந்த இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்க்கும் எவரும் இந்த வரியை மறு கேள்வி இல்லாமல் மூடிவிடுவார்.

சுவிட்ச் ஏன் மேனுவலில் இருந்தது?

மூன்றாவது பரிந்துரை டீசல் இன்ஜின் தீயணைப்பு பம்ப் பற்றியது. ஹைட்ரண்ட் குழாயில் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்க வேண்டும். சின்னக் கசிவால் அழுத்தம் குறைந்தால் ஜாக்கி பம்ப் ஓடி ஈடுசெய்யும். யாராவது வால்வைத் திறந்து தண்ணீர் அடித்தால் அழுத்தம் வேகமாக விழும், மெயின் மின்சார பம்ப் தானாக ஓடும். மின்சாரம் இல்லையென்றால் அழுத்தம் இன்னும் இறங்கி டீசல் பம்ப் தானாக ஓடும். தீ விபத்தில் முதலில் துண்டிக்கப்படுவது மின்சாரம் என்பதால் டீசல் பம்ப்தான் கடைசி நம்பிக்கை. இந்த மில்லில் அதன் செலக்டர் சுவிட்ச் 'மேனுவல்' நிலையில் இருந்தது. யாரேனும் போய்ச் சாவி திருகினால்தான் ஓடும்.

சுவிட்சை 'ஆட்டோ'வுக்குத் திருப்பிப் படம் எடுக்க அரை நிமிடம் போதும். ஆனால் அந்தப் படம் அந்த அரை நிமிடத்துக்குத்தான் சாட்சி. பம்ப் ஹவுஸ் ஆளை உட்காரவைத்து, ஏன் மேனுவலில் வைத்தீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்: "ராத்திரியில தானா ஓடிருது சார். நாலு தடவை எந்திரிச்சு நிறுத்த வேண்டியிருக்கு." ஆட்டோவில் ஓடத் தொடங்கும் தீயணைப்பு பம்பைக் கையால்தான் நிறுத்த வேண்டும். அப்படித்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. தீ இல்லாமல் அது ஓடியது என்றால் எங்கேயோ ஜாக்கியால் ஈடுசெய்ய முடியாத அளவுக்குத் தண்ணீர் போகிறது. தேடியதில், புளோ ரூமுக்குப் பின்னால் மண்ணுக்கடியில் போகும் குழாயின் ஒரு வெல்டு ஜாயின்ட் துருப்பிடித்துக் கசிந்தது தெரிந்தது. டிசம்பர் 20-ல் அந்தத் துண்டை வெட்டி மாற்றினார்கள். அதற்குப் பிறகு சுவிட்ச் ஆட்டோவில் நின்றது. திருப்ப வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை.

ஆகவே இந்த வரிக்கு மூன்று இணைப்புகள் போயின. தோண்டிய குழியில் பழைய ஜாயின்ட், மாற்றிய குழாய் என இரண்டு படங்கள் முதல் இணைப்பு. பம்ப் கன்ட்ரோல் பேனலில் சுவிட்ச் ஆட்டோவில் இருப்பதும், பக்கத்தில் பிரஷர் கேஜ் முள் நிற்கும் இடமும் ஒரே சட்டத்தில் தெரியும் படம் இரண்டாவது. மூன்றாவதுதான் கனமானது: வாராந்திர சோதனைப் பதிவேட்டின் நகல். மெயின் பம்புக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கோடியிலுள்ள ஹைட்ரண்டைத் திறந்து, எத்தனை கிலோ அழுத்தத்தில் டீசல் பம்ப் தானாக ஓடியது, எவ்வளவு நேரம் ஓடியது, கோடி ஹைட்ரண்டில் அழுத்தம் எவ்வளவு நின்றது, பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட்ட பதிவு. முதல் கடிதம் போகும்போது அதில் ஒரே ஒரு வாரப் பதிவுதான் இருந்தது. பிப்ரவரியில் போன கடிதத்தில் ஏழு வாரம் இருந்தது. பதிவேட்டில் எல்லா வாரமும் ஒரே எண், ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றிருந்தால் உட்கார்ந்து நிரப்பியது என்று அனுபவமுள்ள எவருக்கும் தெரிந்துவிடும். உண்மையான பதிவில் எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும். ஒரு வாரம் பேட்டரி இறங்கி மாற்றியதும் இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. அதுதான் அந்தப் பதிவேட்டை நம்ப வைக்கிறது.

முடியாததை எப்படி எழுதுவது?

நான்காவது பரிந்துரை, புளோ ரூம் குழாய்ப் பாதையில் ஸ்பார்க் டிடெக்டர் பொருத்துவது. பஞ்சோடு வரும் ஆணியோ கம்பித்துண்டோ பீட்டரில் உரசித் தீப்பொறி எழுந்தால், காற்றோடு பஞ்சு போகும் வேகத்தில் அது அடுத்த மெஷினுக்கும் ஃபில்டர் அறைக்கும் போய்விடும். டிடெக்டர் பொறியைக் கண்டு, அந்தப் பஞ்சை வேறு வழியில் திருப்பிவிட்டு மெஷினை நிறுத்தும். கெடு 90 நாள். சப்ளையர் சொன்ன டெலிவரி 16 வாரம். எப்படிப் பார்த்தாலும் கெடுவுக்குள் முடியாது.

இப்படிப்பட்ட வரியில் 'நடவடிக்கையில் உள்ளது' என்று மட்டும் எழுதினால், படிப்பவர் 'ஒன்றும் நடக்கவில்லை' என்றுதான் எடுத்துக்கொள்வார். இந்த மில் நான்கு விஷயங்களை எழுதியது. பர்ச்சேஸ் ஆர்டர் போட்ட தேதி, அதன் நகலோடு. அட்வான்ஸ் கொடுத்ததற்கான ரசீது. பொருத்தி முடிக்கும் தேதி ஏப்ரல் 30 என்று ஒரே தேதி, 'விரைவில்' என்ற சொல் இல்லாமல். அதுவரை எடுக்கும் இடைக்கால ஏற்பாடு: குழாய்ப் பாதையில் இருக்கும் காந்தங்களை ஒவ்வொரு ஷிப்டிலும் துடைத்து, கிடைத்த இரும்பைப் பையில் போட்டு எடை எழுதுவது, ஃபில்டர் அறைக் கழிவை ஷிப்டுக்கு ஒரு முறை அகற்றுவது, புளோ ரூமில் கூடுதல் தீயணைப்பான்கள் வைப்பது. புதுப்பிக்கும் தேதியான ஏப்ரல் 1-க்குப் பிறகே வேலை முடியும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லி, அதுவரை இடைக்கால ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டு இப்போதைய நிபந்தனைகளைத் தொடரும்படி கேட்டது. இப்படிக் கேட்டால் அண்டர்ரைட்டர் கால அவகாசம் தர ஒரு காரணம் கிடைக்கிறது.

ஒரு பரிந்துரை மில்லுக்குப் பொருந்தாது என்றாலும் வரியை நீக்கிவிடக் கூடாது. அதே எண்ணில், ஏன் செய்ய முடியாது, அதே ஆபத்தைக் குறைக்க வேறு என்ன செய்கிறோம் என்று எழுத வேண்டும். எட்டுப் பரிந்துரைக்கு ஏழு பதில் வந்தால், படிப்பவரின் கண் அந்த எட்டாவது எங்கே என்றுதான் முதலில் தேடும்.

கடிதத்தின் அமைப்பு

முகப்புக் கடிதம் ஒரு பக்கம் போதும். பாலிசி எண், ஆய்வு நடந்த தேதி, ரிப்போர்ட் எண், எட்டில் எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்பவை அதில் இருக்க வேண்டும். அடுத்து அட்டவணை. ரிப்போர்ட்டின் வரிசை எண்ணையும் பரிந்துரையின் வாசகத்தையும் அப்படியே எடுத்துப் போட வேண்டும். வசதிக்காகச் சுருக்கினால், கேட்டதில் பாதியைச் செய்துவிட்டு முழுதும் செய்ததாகச் சொல்கிறார்களோ என்ற சந்தேகம் வரும். பக்கத்தில் செய்த வேலை, முடித்த தேதி, பொறுப்பானவரின் பதவி, இணைப்பு எண். மேலே சொன்ன பேனல் வரி இப்படி இருக்கும்:

*பரிந்துரை 2. மெயின் பேனலில் தெர்மோகிராபி எடுத்துக் குறைகளைச் சரிசெய்தல். முதல் சோதனை டிசம்பர் 9. இரண்டாம் பீடர் ஆர் பேஸ் இணைப்பில் 92 டிகிரி. டிசம்பர் 14-ல் லக் மாற்றப்பட்டது. டிசம்பர் 16-ல் அதே லோடில் மறுசோதனை. 53 முதல் 56 டிகிரி. முடிந்த தேதி: டிசம்பர் 16. பொறுப்பு: எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். இணைப்பு 2-அ, 2-ஆ. அடுத்த சோதனை: அடுத்த டிசம்பர்.*

முடித்த தேதி என்பது அந்த வேலை நிஜமாக முடிந்த நாள். கடிதம் எழுதிய நாள் அல்ல. எட்டு வரியிலும் ஒரே தேதி இருந்தால், கெடுவுக்கு முந்தைய நாள் உட்கார்ந்து எழுதியது என்று பளிச்சென்று தெரியும். தேதிக்கு ஆதாரமாகக் கான்ட்ராக்டர் பில், ஸ்டோர்ஸ் இஷ்யூ சீட்டு, வேலை அனுமதிச் சீட்டு என ஏதாவது ஒன்று கோப்பில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அனுப்ப வேண்டாம். கேட்டால் கொடுக்கக் கையில் இருந்தால் போதும்.

படங்களை வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பிச் சேகரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படி அனுப்பும்போது படம் சுருங்கும். எடுத்த தேதியும் நேரமும் கோப்புக்குள் பதிவாகியிருந்தாலும் அவை கழன்றுவிடும். போனிலிருந்து மூலப் படத்தை நேராகக் கணினிக்கு எடுத்துக்கொள்வது நல்லது. வாட்ஸப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பலாம். தேதியும் இடமும் படத்தின் மேலேயே பதியும் கேமரா ஆப்களைப் பல மில்களில் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். அது உதவும், ஆனாலும் மூலப் படத்தை அழித்துவிடக் கூடாது. கோப்பின் பெயரிலேயே பரிந்துரை எண் இருந்தால் தேட வேண்டியதில்லை: `R01-before.jpg`, `R01-after-tape.jpg` என்பது போல. ஒரு வரிக்கு இரண்டு மூன்று படம் போதும். இடம் எது என்று காட்ட ஒரு தூரப் படம், வேலை எது என்று காட்ட ஒரு கிட்டப் படம். நாற்பது படங்களை மொத்தமாகக் கொட்டினால் அவற்றைப் பரிந்துரைகளோடு பொருத்துகிற வேலை படிப்பவர் தலையில் விழும். அவர் அதைச் செய்யமாட்டார்.

படம் எடுக்கப் போகும்போது ஓரமாகக் கிடக்கும் பஞ்சுக் கழிவையோ, உடைந்த ஹோஸ் பாக்ஸையோ சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு எடுப்பதும் நடக்கிறது. அந்தப் படத்தை ஆறு மாதம் கழித்து அதே இன்ஜினியர் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் வந்து நிற்பார். தீயணைப்பானின் படம் என்றால் அவர் முதலில் பார்ப்பது அதன் கழுத்தில் தொங்கும் சீட்டைத்தான். அதில் அடுத்த சர்வீஸ் தேதி கடந்திருந்தால், 'எல்லாம் நிரப்பப்பட்டன' என்ற வரியை அந்தப் படமே பொய்யாக்கிவிடும்.

அனுப்பிய பிறகு

இந்த மில் முதல் பதிலை டிசம்பர் 30-ல் அனுப்பியது. 30 நாள் கெடு உள்ளவை முடிந்திருந்தன. பாக்கிக்கு அடுத்த கடிதம் எப்போது வரும் என்றும் அதில் எழுதியிருந்தது. இரண்டாம் பதில் பிப்ரவரி 12-ல் போனது. புதுப்பிக்கும் தேதிக்கு ஏறக்குறைய ஏழு வாரம் முன்னால் போனதால், புதிய ஆண்டுக்கான விலையும் நிபந்தனையும் எழுதும்போது அது அண்டர்ரைட்டரின் கையில் இருந்தது. மார்ச் கடைசி வாரத்தில் போய்ச் சேரும் பதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் குறைவு. அதற்குள் விலை எழுதப்பட்டிருக்கும்.

கடிதம் போனதோடு வேலை முடிவதில்லை. எந்தெந்தப் பரிந்துரை ஏற்றுக்கொள்ளப்பட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது என்று கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். புரோக்கர் போனில் "எல்லாம் ஓகே சார், பேசிட்டேன்" என்று சொல்வது போதாது. ஏதாவது வேலை முடியும்வரை என்று பாலிசியில் நிபந்தனை ஏற்றியிருந்தால், முடிந்ததும் அதை நீக்கி எண்டார்ஸ்மென்ட் தரும்படி கேட்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் பழைய நிபந்தனை பாலிசியில் தங்கிவிடுவது அரிதல்ல. புதுப்பித்த பாலிசி வந்ததும் முதல் பக்கத்திலுள்ள தொகையோடு நிறுத்திக்கொள்ளாமல், பின்னாலுள்ள வாரண்டிகளையும் டிடக்டிபிளையும் பழைய பாலிசியோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

இந்தக் கடிதத்தின் மறுபக்கத்தையும் மில் நடத்துபவர்கள் அறிந்திருக்க வேண்டும். அது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கோப்பில் அப்படியே இருக்கும். தீ விபத்து நடந்தால் சர்வேயர் வருவார், அந்தக் கோப்பும் அவர் கைக்கு வரும். 'டீசல் பம்ப் ஆட்டோவில் உள்ளது' என்று பிப்ரவரியில் எழுதிக் கொடுத்து, ஜூலையில் தீ பிடித்த இரவில் அது மேனுவலில் இருந்திருந்தால், கேள்வி பம்பைப் பற்றியதாக மட்டும் இருக்காது. மில் எழுதிக் கொடுத்த மற்ற எல்லாமும் உண்மையா என்பதாக மாறும். செய்யாததைச் செய்ததாக எழுதினால் நிலைமை இன்னும் மோசம். உண்மைக்கு மாறான தகவலைக் கொடுத்து நிபந்தனைகளைக் காப்பாற்றிக்கொண்டதாகக் கம்பெனி வாதிட இடம் கிடைத்துவிடும். 'பாதி முடிந்தது, மீதி இன்ன தேதியில்' என்ற வரி அன்றைக்கு ஒரு சிறு சங்கடத்தைத் தரலாம். பொய்யான 'முடிந்தது' க்ளெய்மையே கவிழ்த்துவிடக்கூடியது.

அதனால் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர், அது முதலாளியோ ஜெனரல் மேனேஜரோ, அட்டவணையை அச்செடுத்துக் கையில் எடுத்துக்கொண்டு மில்லை ஒரு சுற்று வர வேண்டும். குடோனில் நின்று முதல் வரியைப் படிக்க வேண்டும். பம்ப் ஹவுஸில் நின்று மூன்றாம் வரியைப் படிக்க வேண்டும். எழுதியிருப்பதும் எதிரில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் வேலையைச் சரிசெய்ய வேண்டும், அல்லது வரியைத் திருத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குறிப்பாகக் குடோன் நிரம்பும் டிசம்பர், ஜனவரியில், அதே அட்டவணையோடு அதே சுற்றை வந்தால், அடுத்த ரிப்போர்ட் வரும்போது பதிலில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.